இரண்டு வண்டி, ஒரே பட்டியல்

கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தைச் சேமிப்பதும், சேமித்த இடங்களைப் பட்டியலாகத் தொகுத்து உடன் வருபவர்களோடு பகிர்வதும் சில நிமிட வேலை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே திட்டப்படி போய்ச் சேர்வது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. பயணத் திட்டம் என்பதில் எந்த இடம், எந்த வரிசையில், எந்த நேரத்துக்குள் என்று மூன்று செய்திகள் இருக்கின்றன. பகிர்ந்த பட்டியல் இவற்றில் முதலாவதைத்தான் நம்பகமாகக் கொண்டு சேர்க்கும். மற்ற இரண்டையும் எங்கே எழுதி வைப்பது என்று முன்பே முடிவு செய்யாத குழுக்கள்தான் பாதி வழியில் "நீங்க எங்கே இருக்கீங்க?" என்று மாறி மாறிப் போன் செய்துகொள்கின்றன.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்குப் போகும் குடும்பப் பயணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்பது கோயில்களும் நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. திருநள்ளாறு தமிழ்நாட்டிலேயே இல்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்காலில் இருக்கிறது. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி அளவில்தான் திறப்பார்கள். ஒரு கார் சென்னையிலிருந்தும் இன்னொன்று கோவையிலிருந்தும் வந்து கும்பகோணத்தில் ஓர் இரவு தங்கி, ஞாயிறும் திங்களுமாக இரண்டு நாளில் ஒன்பதையும் பார்ப்பது திட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கார் ஓட்டுபவர் இருவர், முன்சீட்டில் போன் பார்த்து வழி சொல்பவர் இருவர், பின்சீட்டில் பெரியவர்கள்.

முதல் வேலை சரியான இடத்தைப் பிடிப்பது. குருவுக்குரிய ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி உண்டு; அது தாலுகா தலைநகர் என்பதால் ஊர்ப் பெயரை மட்டும் தேடினால் அதுவே முதலில் வந்து நிற்கக்கூடும். சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கத்தில். ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைப் பக்கமும் ஒரு திங்களூர் இருக்கிறது. கோவையிலிருந்து வருகிறவர் அதைத் தொட்டுவிடுவது வெகு எளிது, ஏனென்றால் தேடல் பெரும்பாலும் அருகில் இருப்பதை முன்னே காட்டும். ஆக, ஒரே சொல்லைத் தட்டிய இரண்டு போன்கள் இரண்டு வேறு ஊர்களைக் காட்டலாம். பட்டியலைப் பகிர்வதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் சரிபார்த்துக் குறித்த புள்ளியையே மற்றவர்களும் தொடுகிறார்கள். யாரும் மறுபடி தேட வேண்டியதில்லை.

ஊர்ப் பெயருக்குப் பதில் சுவாமி பெயரைத் தேடினால் குழப்பம் குறையும். ஆலங்குடிக்கு ஆபத்சகாயேஸ்வரர், திங்களூருக்குக் கைலாசநாதர், கஞ்சனூருக்கு அக்னீஸ்வரர். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ராகுவுக்குரிய திருநாகேஸ்வரத்திலும் கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளத்திலும் மூலவர் நாகநாதர்தான். 'நாகநாதசுவாமி கோயில்' என்று மட்டும் தேடிச் சேமித்தால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடும். முதலாவது கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது, இரண்டாவது பூம்புகார்ப் பக்கம். சுவாமி பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடி, சேமித்த பிறகு வரைபடத்தைச் சற்றே விலக்கிப் பார்த்துச் சுற்றியுள்ள ஊர்கள் எவை என்று கவனிப்பதே நல்ல சோதனை. ஒன்பதும் சேர்ந்த பிறகு முழுப் பட்டியலையும் வரைபடத்தில் விரித்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் திருவையாற்றிலிருந்து கடற்கரை வரை ஒரு கொத்தாக விழ வேண்டும். ஏதாவது ஒன்று தனியே ஈரோட்டிலோ புதுக்கோட்டையிலோ நின்றால் அது தவறான ஊர்.

சரியான கோயிலாக இருந்தாலும் புள்ளி சரியான இடத்தில் இல்லாமல் போகலாம். பெரிய கோயிலின் புள்ளி மதிலுக்கு உள்ளே, பிராகாரத்தின் நடுவில் விழுந்திருக்கும். வண்டி ஓட்டுபவரை மேப் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலைக்குக் கூட்டிச் செல்லும். அது ராஜகோபுர வாசலாக இருக்கலாம், பின்மதிலை ஒட்டிய சந்தாகவும் இருக்கலாம். முழங்கால் வலிக்காரர் வண்டியில் இருக்கும்போது இந்த வித்தியாசம் சிறியதல்ல. கார் நிறுத்துமிடம் தெரிந்தால் அதையே தனிப் புள்ளியாகச் சேர்ப்பது நல்லது. வரைபடத்தில் பெயரில்லாத இடமென்றால் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் குறி விழும், அதைச் சேமிக்கலாம். அப்போது கூட்டல் குறியோடு கூடிய ஒரு குறியீடும் தெரியும். அது பிளஸ் கோடு. உலகத்தின் பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் வைக்கும் முறை இது. வழக்கமான பத்து எழுத்துக் குறியீடு சுமார் 14 மீட்டருக்கு 14 மீட்டர் அளவுள்ள கட்டத்தைக் குறிக்கும். கார் நிற்கும் இடத்தைச் சொல்ல அது போதும். போனில் வாய்விட்டும் சொல்லலாம், தாளில் எழுதியும் கொடுக்கலாம்.

பட்டியலை உருவாக்குவது கூகுள் மேப்ஸில் சேமித்த இடங்கள் உள்ள பகுதியில். புதிய பட்டியல் தொடங்கிப் பெயர் வைத்து, ஒவ்வோர் இடமாகத் திறந்து அதில் சேமிக்க வேண்டும். பிறகு பகிர்வதற்கான லிங்க் எடுக்கலாம். லிங்க் வைத்திருப்பவர்கள் பார்க்க மட்டும் முடியுமா, இடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியுமா என்பதைப் பட்டியலுக்கு உரியவர் முடிவு செய்கிறார். பொத்தான்களின் இடமும் பெயரும் பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் இந்த இரண்டு நிலைகளும் அப்படியே இருக்கின்றன.

திட்டம் போடும் வாரத்தில் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுப்பது பயனுள்ளது. தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சேர்ப்பார்கள். சூரியனார்கோயிலுக்குப் போவதற்கு முன் பக்கத்தில் உள்ள திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரைத் தரிசித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். பட்டியலைத் தொடங்கிய இளையவருக்கு அது தெரிந்திருக்காது. அத்தையோ பெரியம்மாவோ பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். ஒன்பது இடம் பத்தாகும். ஆனால் புறப்படுவதற்கு முந்தைய நாள், திருத்தும் உரிமையைப் பார்க்கும் உரிமையாகக் குறைத்துவிட வேண்டும். ஓர் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பது ஒரே ஒரு தட்டு. குழந்தை கையில் போன் இருக்கும்போதும் அது நடக்கும். நீக்கிய இடம் எல்லோருடைய போனிலிருந்தும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். மற்றவர்களுக்கு அறிவிப்பு வரும் என்று எண்ணிக்கொண்டு இருக்க முடியாது. பயண நாட்களில் பேனா ஒருவர் கையில் இருப்பதுதான் பாதுகாப்பு. அந்த ஒருவர் வண்டி ஓட்டுபவராக இருக்கக் கூடாது.

லிங்க்கைப் பெற்றவர்கள் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விட்டால் போதாது. வாட்ஸ்அப்பிலிருந்து தட்டும்போது அது சில போன்களில் பிரவுசரில் திறக்கும். அங்கே பார்த்ததோடு சரி. மேப்ஸ் செயலிக்குள் திறந்து, தங்கள் கூகுள் கணக்கில் Follow என்று பின்தொடர்ந்தால்தான் பட்டியல் அவர்களுடைய சேமிப்பிலும் நிலைத்திருக்கும், அதன் புள்ளிகள் அவர்கள் வரைபடத்திலும் தெரியும். லிங்க்கைக் குழுவின் உரையாடலில் மட்டும் போட்டால் நூறு குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். குழுவின் விவரக்குறிப்பில் ஒட்டி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இனி வரிசையும் நேரமும். பட்டியலில் இடங்களை மேலும் கீழும் நகர்த்தி அடுக்க முடியும் என்றாலும், பார்ப்பவர் வரைபடமாகத் திறந்தால் வரிசை தெரியாது, சிதறிய புள்ளிகள்தான் தெரியும். வரிசையைக் காட்ட இடத்தின் பெயருக்கு முன் எண் போடலாமே என்று தோன்றும். ஆனால் வரைபடத்தில் ஏற்கெனவே உள்ள இடத்தின் பெயரைப் பட்டியலில் மாற்ற முடியாது. லேபிள் என்று தனிப்பெயர் வைக்கும் வசதி உண்டு. அது வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். பகிர்கிறவர் தன் போனில் எல்லாம் அழகாக எண்ணிட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தியடைவார், மற்றவர்கள் போனில் ஓர் எண்ணும் இராது. இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது. எல்லோருக்கும் தெரிவது பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் கீழே எழுதும் குறிப்பு. வரிசை எண்ணும் நேரமும் அங்கேதான் இருக்க வேண்டும். 'ஞாயிறு காலை 2. பத்து மணிக்குள் உள்ளே. நடை சாத்துமுன் கிளம்ப வேண்டும்.' இந்த அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் ஓடும் வண்டியிலும் படிக்கலாம். திருநள்ளாற்றின் குறிப்பில் 'புதுச்சேரி எல்லை. வாடகை வண்டி என்றால் பர்மிட் பற்றி டிரைவரிடம் முன்பே கேட்கவும்' என்று ஒரு வரி சேரலாம்.

வரிசைப்படி வண்டியை நடத்துவது பட்டியலின் வேலையல்ல, வழித்தடத்தின் வேலை. புறப்படும் இடம், போய்ச்சேரும் இடம், நடுவில் நிற்கும் இடங்கள் என்று வரிசையாகக் கொடுத்து அந்த வழித்தடத்தை லிங்க்காக அனுப்பலாம். இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. புறப்படும் இடம் போக ஒன்பது நிறுத்தங்கள் வரைதான் சேர்க்க முடியும். பத்துக் கோயில், தங்கும் விடுதி, சாப்பாட்டு இடம் எல்லாம் ஒரே தடத்தில் அடங்காது. அடங்கினாலும் நல்லதல்ல, அரை நாளுக்கு ஒரு தடம் என்று பிரிப்பதே பயன்படும். நடை சாத்தும் நேரமே பயணத்தை அப்படித்தான் வெட்டுகிறது.

இன்னொரு வரம்பு, அனுப்புவது நிறுத்தங்களின் வரிசையைத்தானே தவிர ஒரு குறிப்பிட்ட சாலையை அல்ல. ஒவ்வொரு போனும் லிங்க்கைத் திறக்கும் நேரத்தில், அப்போதைய போக்குவரத்தைப் பார்த்துத் தானே வழியைக் கணக்கிடும். பத்து நிமிட இடைவெளியில் கிளம்பிய இரண்டு கார்களில் ஒன்று நெடுஞ்சாலையிலும் மற்றொன்று வாய்க்கால் கரைச் சாலையிலும் போவது டெல்டாவில் சாதாரணம். எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத கரைகள் அங்கே ஏராளம். எல்லோரும் பெரிய சாலையில்தான் போக வேண்டும் என்றால் அந்தச் சாலையில் உள்ள ஓர் ஊரை, ஆடுதுறை போல, நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிட வேண்டும். அங்கே நிற்காவிட்டாலும் வழி அந்தப் பக்கமாகவே போகும்.

திட்டம் மாறும்போதுதான் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படத் தொடங்கும். முதலில் போட்ட திட்டப்படி ஞாயிறு காலை திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம். மாலை திருமங்கலக்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர். திங்கள் காலை வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், மாலை திருநள்ளாறு. வெள்ளிக்கிழமையே நான்கு தடங்களும் லிங்க்காகக் குழுவுக்குப் போய்விட்டன. சனிக்கிழமை இரவு ஒருவருக்கு நினைவு வருகிறது: ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகத்தைப் பார்க்காமல் வருவதா? எல்லோரும் சம்மதிக்கிறார்கள். திருநாகேஸ்வரம் காலையிலிருந்து மாலைக்கு வருகிறது. ஆறு மணிக்கு மேல் மூன்று கோயில் இடிக்கும் என்பதால், கஞ்சனூர் திங்கள் அதிகாலைக்குத் தள்ளப்படுகிறது; மயிலாடுதுறைப் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பட்டியலில் ஓர் இடமும் கூடவில்லை, குறையவில்லை. திறந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் உள்ள நான்கு தடங்களில் மூன்று பழசாகிவிட்டன. அவை தட்டினால் வழக்கம்போல் திறக்கும், வழியும் காட்டும். ஞாயிறு காலை ஆலங்குடியில் இரண்டு வண்டிகளும் பிரிந்தால், பழைய லிங்க்கைத் தட்டிய வண்டி திருநாகேஸ்வரத்துக்கும் மற்றது விடுதிக்கும் போகும். யாரும் தவறு செய்ததாகச் சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்க ஒழுங்கு ஒன்றே போதும்: பட்டியலும் அதன் குறிப்புகளும்தான் மூலம், வழித்தடம் அதிலிருந்து அன்றன்றைக்கு எடுக்கும் பிரதி. மாற்றம் வந்தால் முதலில் குறிப்பைத் திருத்த வேண்டும். மேலே சொன்ன மாற்றத்தில், இடம் பெயர்ந்த திருநாகேஸ்வரத்துக்கும் கஞ்சனூருக்கும் மட்டுமல்ல, எண் மாறும் மற்ற கோயில்களுக்கும் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கும். அவற்றில் 'சனி இரவு மாற்றியது' என்று ஒரு சொல் சேர்த்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. வழித்தடங்களை முன்கூட்டி மொத்தமாக அனுப்பாமல், அந்தந்த அரை நாள் தொடங்கும்போது மட்டும் அனுப்ப வேண்டும். அனுப்பியது பழசாகிவிட்டால் அதைக் குழுவிலிருந்து அழித்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். மாற்றியவர் இரண்டாவது வண்டியில் வழி சொல்பவரிடம் வாயால் சொல்லி, அவர் திரும்பச் சொல்வதைக் கேட்பது இன்னும் உறுதி. நீல டிக் விழுந்தது படித்ததற்குச் சான்றாகாது.

கூகுள் மை மேப்ஸ் என்ற தனி வசதியை இதற்குச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதில் புள்ளிகளுக்கு விரும்பிய பெயரும் எண்ணும் வைக்கலாம், நாளுக்கு ஒரு நிறம் கொடுக்கலாம், ஒவ்வொரு நாளையும் தனி அடுக்காகப் பிரிக்கலாம். ஒரு வரைபடத்தில் பத்து அடுக்குகள் வரை உண்டு. பட்டியலில் இல்லாத வரிசை இங்கே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதை வரைவதும் திருத்துவதும் கணினியில்தான் வசதி. அதற்கென்று இருந்த ஆண்ட்ராய்டு செயலி 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. போனில் மேப்ஸ் செயலிக்குள் அதைத் திறந்து பார்க்கலாம், இணையம் இருந்தால். பெரிய குழுவுக்கு, முன்கூட்டி உறுதியான திட்டத்துக்கு அது பொருந்தும். சனிக்கிழமை இரவில் ராகு காலம் நினைவுக்கு வரும் குடும்பங்களுக்குப் பட்டியலே மேல். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் புள்ளிகளைக் கோப்பாக அனுப்பலாம். அது இணையமே இல்லாமல் இயங்கும் என்பது பெரிய வசதி. ஆனால் அனுப்பியது அந்த நேரத்துப் பிரதி. பிறகு செய்யும் திருத்தம் பெற்றவரிடம் போய்ச் சேராது.

இணையம் இல்லாத இடத்தைக் கூகுள் மேப்ஸிலும் ஓரளவு சமாளிக்கலாம். போன் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளிலிருந்து பெறுவதால் அதற்கு சிக்னல் தேவையில்லை. சாலைகள் மட்டும் முன்பே போனில் இருக்க வேண்டும். சுயவிவரப் படத்தைத் தட்டினால் வரும் Offline maps பகுதியில், திருவையாற்றிலிருந்து காரைக்கால் வரை அடங்கும்படி ஒரு கட்டத்தை இழுத்துத் தரவிறக்கலாம். இது ஒருவர் செய்தால் மற்றவருக்கு வராது. பட்டியலைப் போலப் பகிரப்படுவதல்ல. இரண்டு வண்டியிலும் வழி சொல்பவர்கள் தனித்தனியே, விடுதியின் வைஃபையில் செய்துகொள்ள வேண்டும். தரவிறக்கிய வரைபடம் நாளடைவில் காலாவதியாகும், ஆகவே போன வருடம் எடுத்ததை நம்பக் கூடாது. அதில் கார் வழி கிடைக்கும், நெரிசல் விவரம் கிடைக்காது.

வேலை முடிந்ததா என்று அறிய, ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டுப் பட்டியலைத் திறந்து, ஒரு கோயிலைத் தட்டி, குறிப்பு தெரிகிறதா, வழி தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பு வரவில்லையென்றால் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதுதான் வழி. சாதாரண போன் வைத்திருக்கும் பெரியவரிடம் ஊர்ப்பெயர், வரிசை, நேரம், இரண்டு வண்டிகளிலும் இருப்பவர்களின் எண்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் தனியாகிவிடுபவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

பட்டியலில் எது இருக்கக் கூடாது என்பதும் உண்டு. லிங்க்கால் பகிர்ந்த பட்டியலை அந்த லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம். குழுவில் ஒருவர் இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் அதைத் தடுக்க முடியாது. உருவாக்கியவரின் கணக்குப் பெயரும் அதில் தெரியும். சொந்த வீட்டு முகவரி, விடுதி அறை எண், எந்தத் தேதிகளில் வீடு பூட்டியிருக்கும் என்று சொல்லிவிடும் குறிப்புகள் ஆகியவை அங்கே வேண்டாம். அவற்றுக்கு நேரடிச் செய்தி போதும்.

ஒரு வண்டி இன்னொன்றுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதற்கு நேரலை இருப்பிடம் வேண்டும். வாட்ஸ்அப்பில் அதை 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்ற மூன்று அளவுகளில் பகிரலாம். அரை நாள் தடத்துக்கு எட்டு மணி நேரம் சரி. ஒரு வண்டியில் ஒருவர் பகிர்ந்தால் போதும். எல்லோரும் போட்டால் பேட்டரிதான் தீரும். மாலை திருநள்ளாற்றில் தரிசனம் முடிந்து ஒரு வண்டி சென்னைக்கும் மற்றது கோவைக்கும் திரும்பும்போது இருப்பிடப் பகிர்வை நிறுத்திவிட்டு, பட்டியலின் பகிர்வையும் தனிப்பட்டதாக மாற்றிவிடலாம். கோயில்களின் புள்ளிகளும் நிறுத்துமிடக் குறிப்புகளும் உரியவரிடம் அப்படியே இருக்கும். அடுத்து யாராவது கேட்டால் தேதிகளை மட்டும் அழித்துவிட்டுப் புதிய லிங்க் கொடுத்தால் ஆயிற்று.